குழந்தைக்கு முதல் முட்டை, முதல் வேர்க்கடலை: எப்போது, எவ்வளவு, எதைக் கவனிப்பது?

முட்டையும் வேர்க்கடலையும் ஒவ்வாமை தரக்கூடியவை, அதனால் குழந்தைக்கு ஒரு வயது, இரண்டு வயது ஆகட்டும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சும்மா சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே, ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை 2 வயது வரையும் வேர்க்கடலையை 3 வயது வரையும் தள்ளிவைக்கச் சொன்னது. தள்ளிவைத்ததால் ஒவ்வாமை குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2008-இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது.

அதே 2008-இல் வந்த ஓர் ஒப்பீடு பலரையும் யோசிக்க வைத்தது. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதக் குழந்தைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டன் குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது ஒன்றுதான்: இஸ்ரேலில் பல் முளைக்கும் வயதிலேயே வேர்க்கடலை கலந்த மொறுமொறுப்பான தின்பண்டம் குழந்தையின் கைக்கு வந்துவிடும், பிரிட்டனில் வேர்க்கடலையை ஒளித்து வைத்திருந்தார்கள். இதை நேரடியாகச் சோதிக்க லண்டனில் ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் தலைமையில் நடந்ததுதான் லீப் ஆய்வு. தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் எக்ஸிமா கடுமையாகவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு வேர்க்கடலை தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவே இல்லை. 2015-இல் முடிவு வெளியானது. 5 வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு மட்டுமே.

ஏன் இப்படி? உடல் ஓர் உணவை முதலில் எந்த வழியாகச் சந்திக்கிறது என்பதில்தான் விஷயம் இருப்பதாக இன்று கருதப்படுகிறது. வயிறு வழியாக வரும் புரதத்தை, ‘இது சாப்பாடு’ என்று நோய் எதிர்ப்பு மண்டலம் ஏற்கப் பழகுகிறது. வறண்டு வெடித்த தோல் வழியாக நுழையும் அதே புரதத்தை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. வேர்க்கடலை வீட்டில் யாராவது சாப்பிடும் பொருள்தான். அதன் துகள் விரிப்பிலும் கைகளிலும் ஒட்டியிருக்கும். குழந்தையின் வாய்க்கு மட்டும் தராமல் வைத்தால், எக்ஸிமா உள்ள தோல்தான் முதலில் அதைச் சந்திக்கிறது. அதனால் எக்ஸிமாவை நன்றாகக் கட்டுப்படுத்துவதும் இந்தத் திட்டத்தில் பாதி. களிம்பு தடவும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேர்க்கடலை எண்ணெய் கலந்த எதையும் புண்ணான தோலில் தடவாதீர்கள். ‘சோதித்துப் பார்க்கலாமே’ என்று கன்னத்திலோ கையிலோ உணவைத் தேய்த்துப் பார்ப்பதும் வேண்டாம். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது, வேண்டாத வழியைத் திறந்துவிடுவதுதான் மிச்சம்.

வீட்டில் தொடங்கக் கூடாதவர்கள்

இரண்டு வகைக் குழந்தைகளுக்கு முதலில் மருத்துவர். ஒன்று, ஸ்டீராய்டு களிம்பு அடிக்கடி தேவைப்படும் அளவுக்கு எக்ஸிமா கடுமையாக உள்ள குழந்தை. இரண்டு, முட்டையோ வேறு உணவோ சாப்பிட்டு ஏற்கெனவே தடிப்பு, வாந்தி என்று ஏதாவது வந்த குழந்தை. இவர்களுக்குத் தோல் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்து, தேவைப்பட்டால் முதல் வாயை மருத்துவமனையிலேயே கொடுப்பார்கள். இவர்களுக்குத்தான் சீக்கிரம் தொடங்குவதால் லாபமும் அதிகம். ஆகவே 4 மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், ‘கடுமையான எக்ஸிமா, அதனால் இப்போதைக்கு வேண்டாம்’ என்று மாதக்கணக்கில் தள்ளாதீர்கள்.

சோதனை செய்வதானால் மருத்துவர் சந்தேகிக்கும் உணவுக்கு மட்டும் போதும். ஐம்பது உணவுக்கு ஒரே இரத்தப் பரிசோதனை என்று விற்கப்படுவதை எடுத்தால், குழந்தை நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய பலவும் ‘பாசிட்டிவ்’ என்று வரும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உணவுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான் பிறகு உண்மையான ஒவ்வாமையில் கொண்டுபோய் விடும்.

லேசான எக்ஸிமா உள்ள குழந்தைக்கும் எக்ஸிமாவே இல்லாத குழந்தைக்கும் சுமார் ஆறு மாதத்தில் வீட்டிலேயே தொடங்கலாம். அப்பாவுக்கோ அக்காவுக்கோ ஒவ்வாமை இருப்பது மட்டும் தள்ளிப்போடக் காரணமாகாது. ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர் அதே வீட்டில் இருந்தால், அவரைப் பாதுகாப்பது எப்படி என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குழந்தை தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், தாங்கி உட்கார வைத்தால் உட்கார வேண்டும், கரண்டியில் வருவதைத் துப்பாமல் விழுங்கக் கற்றிருக்க வேண்டும். மசித்த காய், பழம், தானியக் கூழ் என்று இரண்டு மூன்று எளிய உணவுகள் பழகிய பிறகு முட்டைக்குப் போவது வசதி. 4 மாதத்துக்கு முன் யாருக்கும் வேண்டாம்.

முதல் நாள்: முட்டை

ஆறு மாதம் முடிந்து ஒரு வாரமான குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் லேசான எக்ஸிமா. ஈரப்பதக் களிம்பிலேயே அடங்கிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, இன்று தடுப்பூசியும் இல்லை. சளிக்கு என்று கொடுக்கும் சிரப் எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது, ஏனென்றால் அவற்றில் பலவற்றிலும் ஆன்டிஹிஸ்டமின் இருக்கும். ஒவ்வாமை அறிகுறியை அது மறைத்துவிடும்.

வேலை நாள் ஒன்றின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனை திறந்திருக்கும், குழந்தை விழித்திருக்கும், அடுத்த இரண்டு மணி நேரமும் ஒரு பெரியவர் வேறு வேலை இல்லாமல் பக்கத்தில் இருக்க முடியும். தூங்கப்போகும் நேரத்துக்கு முன் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. குழந்தை அயர்ந்து தூங்குகிறதா, துவண்டு கிடக்கிறதா என்று அப்போது பிரித்தறிய முடியாது.

கொதிக்கும் நீரில் முட்டையை 12 நிமிடம் வேகவிடுங்கள். உள்ளே எங்கும் குழைவாக இருக்கக் கூடாது. அரைவேக்காட்டில் சால்மோனெல்லா கிருமி ஆபத்தும் உண்டு, ஒவ்வாமை தூண்டும் வீரியமும் அதிகம். வேகவைத்த மஞ்சளையும் வெள்ளையையும் சேர்த்தே மசித்து, தாய்ப்பாலோ வெந்நீரோ ஊற்றிக் கட்டியில்லாத கூழாக்குங்கள். பல வீடுகளில் மஞ்சள் கருவை மட்டும் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு, ‘முட்டை ஒத்துக்கொள்கிறது’ என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வாமை தரும் புரதங்களில் பெரும்பாலானவை வெள்ளையில்தான் இருக்கின்றன. மஞ்சள் மட்டும் கொடுத்தது தேர்வே எழுதாமல் தேறியதுபோல.

ஊட்டும் முன் ஒரு நிமிடம் குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். ஏற்கெனவே எங்கெங்கே தடிப்பு, சிவப்பு இருக்கிறது என்று ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு ‘இது முன்பே இருந்ததா?’ என்ற குழப்பம் வராது. வாயைச் சுற்றி வாசலின் மெலிதாகத் தடவுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

இப்போது கரண்டி நுனியில் ஒட்டும் அளவு மட்டும், வாய்க்குள். உதட்டில் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நேராக உள்ளே போகட்டும். பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் கால் தேக்கரண்டி கொடுத்து அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். தேக்கரண்டி என்பது 5 மில்லி அளவுக் கரண்டி. மருந்தோடு வரும் அளவுக் கரண்டி இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

பிறகு இரண்டு மணி நேரக் கவனிப்பு. மடியில் வைத்துக்கொண்டு முகத்தையே வெறிக்க வேண்டியதில்லை. வழக்கம்போல விளையாடட்டும், கால் மணிக்கு ஒருமுறை முகம், கழுத்து, வயிறு, மூச்சு ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். பெரும்பாலான எதிர்வினைகள் சில நிமிடங்களில் தொடங்கிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது.

நம் குழந்தைக்கு முதல் நாள் எதுவும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு அரைத் தேக்கரண்டி, அடுத்து ஒன்று, அடுத்து இரண்டு. ஒவ்வொரு முறையும் காலையில், அதே கவனிப்போடு. முதல் தடவை ஒன்றும் ஆகாததால் இரண்டாவது தடவை கண்ணை எடுத்துவிடாதீர்கள். எதிர்வினை இரண்டாவது, மூன்றாவது முறையிலும் வரலாம். ஒன்றரை வாரத்தில் முட்டை வழக்கமான உணவாகிவிடும். வாரத்தில் மொத்தம் ஒரு சிறிய முட்டை என்பது நல்ல இலக்கு, அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

பிறகு வேர்க்கடலை

முட்டை நிலைபெறும் வரை வேர்க்கடலைக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், ஏதாவது ஆனால் எதனால் என்று தெரிய வேண்டும். புதிய ஒவ்வாமை உணவு இரண்டை ஒரே நாளில் தொடங்காதீர்கள். அதே சமயம், முட்டை முடிந்தபின் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று இரண்டு மாதம் இழுக்கவும் வேண்டாம்.

முழு வேர்க்கடலையோ உடைத்த துண்டோ 5 வயது வரை கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கும். கெட்டியான பீனட் பட்டரைக் கரண்டியோடு ஊட்டுவதும் ஆபத்துதான். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குழந்தையை மூச்சுத் திணற வைக்கும். சர்க்கரை, உப்பு சேர்க்காத, பருக்கையில்லாத பீனட் பட்டரை எடுங்கள். பாட்டிலில் தேன் என்று எழுதியிருந்தால் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது. இரண்டு தேக்கரண்டி பீனட் பட்டரில் இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் முதலில் திரிந்ததுபோலக் கட்டிதட்டும். விடாமல் கலக்குங்கள், வழுவழுப்பாகிவிடும். ஆறியபின் கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி விழ வேண்டும். விழாமல் ஒட்டினால் இன்னும் நீரோ மசித்த வாழைப்பழமோ சேருங்கள்.

கடையில் வாங்காமல் வீட்டில் அரைப்பதானால், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை மிக்ஸியில் பொடித்து, சலித்து, நைசான பொடியை மட்டும் பழக்கூழில் கலக்குங்கள். சலிக்காத பொடியில் எப்போதும் நான்கு துண்டு தப்பி நிற்கும்.

படிகள் முட்டைக்குச் சொன்னவையே. நுனிக் கரண்டி, பத்து நிமிடம், கால் தேக்கரண்டி, இரண்டு மணி நேரம். அடுத்தடுத்த முறைகளில் அரை, ஒன்று, இரண்டு. இந்த அளவுகள் கலக்கும் முன் உள்ள பீனட் பட்டரின் அளவு. இரண்டு தேக்கரண்டியில் சுமார் 2 கிராம் வேர்க்கடலைப் புரதம் இருக்கும். வாரம் மூன்று முறை கொடுத்தால் 6 கிராம், லீப் ஆய்வில் கொடுத்த அளவும் இதுதான்.

தெரிவதெல்லாம் ஒவ்வாமையா?

முதல் வாரத்தில் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது வாயைச் சுற்றிய சிவப்பு. உணவு பட்ட இடத்தில் மட்டும், தட்டையாக, துடைத்தபின் அரை மணி நேரத்துக்குள் மங்கிவிட்டால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல். எச்சில் வழியும் குழந்தைக்கும் கன்னத்தில் எக்ஸிமா உள்ள குழந்தைக்கும் இது சகஜம். முன்னமே தடவிய வாசலின் இதைத்தான் தடுக்கிறது. அடுத்த முறை கவனமாகத் தொடரலாம்.

உணவு படாத இடத்தில், அதாவது நெற்றி, வயிறு, முதுகு, காது மடல் என்று எங்காவது மேடான தடிப்பு வந்தால் கதை வேறு. கொசுக் கடித்ததுபோல எழும்பி, இடம் மாறி மாறித் தோன்றும். நிறம் அடர்த்தியான தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள், மேடு கைக்குத் தட்டுப்படும். கண்ணிமை, உதடு வீக்கம், ஒருமுறை வாந்தி ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை. உடனே ஊட்டுவதை நிறுத்தி, வாயையும் கையையும் துடைத்து, நேரத்தைக் குறித்துப் படம் எடுத்து, மருத்துவரை அழையுங்கள். அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் தூக்கம் வராத வகை ஆன்டிஹிஸ்டமின் கொடுக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை அந்த உணவு வேண்டாம். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட மற்ற உணவுகள் தொடரட்டும்.

கரடுமுரடான மூச்சு, விடாத இருமல், விசில் சத்தம், கரகரத்த அழுகை, நாக்கு வீக்கம், திடீரென வெளிறுதல், துவண்டு சாய்தல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையான அனாஃபிலாக்ஸிஸ் என்றே எடுத்துக்கொண்டு அவசர ஊர்தியை அழையுங்கள். தடிப்போடு தொடர்ந்து வாந்தி வந்தாலும் அப்படியே. இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி மட்டும்தான். ஆன்டிஹிஸ்டமின் இங்கே வேலை செய்யாது, அதைக் கொடுத்துக் காத்திருந்தால் நேரம் போய்விடும். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாமல் கைகளில் கிடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் மேலும் சரியலாம். குழந்தைப் பருவத்தின் முதல் எதிர்வினைகளில் இவ்வளவு கடுமையானவை குறைவு, பெரும்பாலும் தடிப்போடும் வாந்தியோடும் முடியும்.

இன்னொரு வகை இருக்கிறது, பலரும் அதை அஜீரணம் என்று விட்டுவிடுவார்கள். சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து, தடிப்போ இருமலோ எதுவும் இல்லாமல், குழந்தை அடுக்கடுக்காக வாந்தியெடுத்து வெளிறிச் சோர்ந்துபோகும். மருத்துவர்கள் இதை ‘எஃப்பைஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். முட்டையாலும் வேர்க்கடலையாலும் இது வரலாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் என்ன உணவு, எத்தனை மணிக்கு என்று சொன்னால், கிருமித் தொற்று என்று நினைத்துவிடாமல் இருக்க உதவும். வழக்கமான தோல் சோதனையில் இது பெரும்பாலும் தெரியாது.

மறுநாள் எக்ஸிமா கொஞ்சம் கிளம்புவதைப் பொறுத்தவரை, உணவைக் குற்றம் சாட்ட அவசரப்பட வேண்டாம். வெயில், எச்சில், சளி, புதிய சோப்பு என்று எதனாலும் அது கிளம்பும். அந்த உணவைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதேபோல வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் நீங்களே நிறுத்துவது, முக்கியமாக எக்ஸிமா உள்ள குழந்தைக்கு, ஆபத்தான முடிவு.

தொடங்கியபின் விடாமல் கொடுப்பது

ஒருமுறை கொடுத்து, ஒத்துக்கொண்டது என்று அப்படியே மறந்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. பாதுகாப்பு தொடர்ந்து சாப்பிடுவதில் இருக்கிறது. லீப் ஆய்வில் பல வருடம் சாப்பிட்ட குழந்தைகள் 5 வயதுக்குப் பிறகு ஒரு வருடம் நிறுத்திய போதும் பாதுகாப்பு நிலைத்தது. ஆனால் அதை இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்ட ஏழு மாதக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. முட்டைக்கு இரண்டு நாள், வேர்க்கடலைக்கு மூன்று நாள் என்று நாட்காட்டியில் குறித்துவிடுவது எளிது.

குழந்தை துப்பினால் சண்டை போட வேண்டாம். அளவைப் பாதியாக்கி, பிடித்த பழக்கூழில் கலந்து கொடுங்கள். சுவைக்குப் பழகப் பத்துமுறைகூட ஆகும், ஆனால் சிறிதளவாவது உள்ளே போவது முக்கியம். காய்ச்சல் வந்த நாட்களில் நிறுத்திவைத்து, தேறியதும் விட்ட அளவிலேயே தொடருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால், அரைத் தேக்கரண்டியில் ஆரம்பித்து, முதல் நாளில் செய்ததுபோல இரண்டு மணி நேரம் கவனித்து, இரண்டு மூன்று முறையில் பழைய அளவுக்கு வந்துவிடலாம்.